எதிர்பார்ப்பு மதிப்பு: இரண்டு வாய்ப்பாடா, டெல்டாவா, dF-ஆ?

ஒரு வண்டி சேதமானால் வரும் செலவு 0 முதல் 10 (ஆயிரம் ரூபாயில்) வரை சீராகப் பரவியிருக்கிறது. காப்பீடு தரும் தொகை X, அதிகபட்சம் 6. அப்படியானால் சராசரியாக எவ்வளவு தர வேண்டிவரும்?

பாடநூல் இரண்டு வாய்ப்பாடு தருகிறது: தனிநிலை மாறிக்கு Σ x p(x), தொடர்ச்சியான மாறிக்கு ∫ x f(x) dx. நம் X இரண்டிலும் அடங்காது. 6-க்குக் கீழே அடர்த்தி 1/10. சேதம் 6-ஐத் தாண்டும் எல்லா வழக்குகளும் சரியாக 6 என்ற புள்ளியிலேயே குவிகின்றன, நிகழ்தகவு 0.4. x-ஐ அடர்த்தியால் பெருக்கித் தொகையிடுவதோடு நின்றால் 1.8 வரும். தப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? அடர்த்தியின் மொத்தப் பரப்பைப் பாருங்கள்: 1 வராமல் 0.6-தான் வரும்.

பொறியியல் படித்தவர்கள் அடர்த்தியோடு, ஒரே புள்ளியில் எடை முழுவதையும் குவிக்கும் டெல்டாவை, 0.4 δ(x−6) எனச் சேர்த்துவிடுவார்கள். விடை சரியாக வரும். ஆனால் தொகையீட்டை 6-லேயே நிறுத்தினால் அந்த டெல்டா உள்ளேயா வெளியேயா என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். அடர்த்தியை வர்க்கப்படுத்தவோ மடக்கை எடுக்கவோ வேண்டியிருந்தால் டெல்டா கைவிட்டுவிடும்.

மூன்றாவது வழி, 1894-இல் ஸ்டீல்ட்ஜஸ் தந்த ∫ x dF(x). இங்கே F(x) = P(X ≤ x). அச்சைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் x மதிப்பை F அங்கே எவ்வளவு ஏறியதோ அதால் பெருக்கிக் கூட்டுகிறோம். துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகிறோம். F படிச் சார்பாக இருந்தால் சமதளத்தில் ஏற்றம் பூச்சியம், தாவும் இடம் மட்டுமே கணக்கில் வரும். பகடைக்கு 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணிலும் 1/6 தாவல், ஆக 3.5. பழைய கூட்டல்தான் இது. F வழுவழுப்பாக ஏறினால் dF = f dx, பழைய தொகையீடே திரும்ப வருகிறது.

நம் F 6 வரை x/10 என ஏறி, அங்கே 0.6-இலிருந்து 1-க்குத் தாவுகிறது:

```
∫ x dF = ∫₀⁶ x/10 dx + 6 × 0.4
       = 1.8 + 2.4 = 4.2
```

அதாவது 4,200 ரூபாய். சரிபார்க்க, X குறையெண் ஆகாது என்பதால் 1−F-ஐ 0 முதல் 6 வரை தொகையிடலாம்: 6 − 1.8 = 4.2. கைக்கணக்குக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

கருத்தளவில் என் ஓட்டு dF-க்கே. ஆனால் அதற்கும் ஒரு குழி உண்டு. P(X ≥ 6)-ஐ எதிர்பார்ப்பாக எழுதிப் பாருங்கள்: x ≥ 6 எனில் 1, இல்லையேல் 0 என்ற g-க்கு ∫ g dF. இப்போது g-யும் F-உம் ஒரே புள்ளியில் தாவுகின்றன. (5.9, 6] என்ற துண்டின் பங்கு, g-யை 5.95-இல் எடுத்தால் 0, 6-இல் எடுத்தால் கிட்டத்தட்ட 0.4. துண்டை எவ்வளவு சுருக்கினாலும் இந்த இழுபறி தீராது. ரீமன்–ஸ்டீல்ட்ஜஸ் தொகையீடு இங்கே இல்லவே இல்லை. g அங்கே தொடர்ச்சியாக இருந்தால் சிக்கலில்லை. இல்லாவிட்டால் லெபெக்–ஸ்டீல்ட்ஜஸுக்குப் போக வேண்டும்: அது 6 என்ற புள்ளிக்கே 0.4 எடை கொடுத்துவிடுவதால் விடை 0.4 என்று நேராக வரும்.