புது மடிக்கணினி: கையால் களைவதா, முழுக்கத் துடைப்பதா?

அக்காள் மகளுக்குப் பாலிடெக்னிக் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கவிருந்தன. தெம்பனிஸ் வீட்டின் சாப்பாட்டு மேசையில் புது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை மாமா, அதற்குள் பணம் கட்டச் சொல்கிறதே" என்றாள். திரையின் மூலையில், 30 நாள் இலவசமாக வந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தமாகத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்லி நண்பர்கள் யோசனை கூறியிருந்தார்களாம்.

துடைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் Reset this PC ஒன்று, பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவது மற்றொன்று. இவை இரண்டையும், தயாரிப்பாளர் முன்பே நிறுவி அனுப்பிய செயலிகளில் வேண்டாததை மட்டும் கையால் நீக்கும் வழியோடு வைத்துப் பார்ப்போம்.

Reset பலருக்கும் ஆசை காட்டி மோசம் செய்யும். Remove everything என்று அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்றுதானே நினைப்போம்? தயாரிப்பாளர்கள் தங்கள் சரக்கை C:\Recovery\Customizations என்ற மறைந்த கோப்புறையில் கட்டி வைத்திருப்பதுண்டு. அப்படி இருந்தால், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு எழும்போது அந்தக் கட்டையும் பிரித்துப் பரப்பிவிடும். முன்பே நிறுவப்பட்டவற்றைத் திரும்பப் போடலாமா என்று கேட்கும் தெரிவு சில கணினிகளில் தென்படும். அதில் 'இல்லை' என்று சொல்ல முடிந்தால்தான் இந்த வழிக்குப் பொருள் உண்டு. இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருந்து பழைய குப்பைக்கே திரும்புவோம்.

பென்டிரைவ் வழி உண்மையிலேயே சுத்தமானது. 8 ஜிபி பென்டிரைவ் போதும். உரிமச் சாவி பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் விண்டோஸ் தானாகவே செயல்படத் தொடங்கிவிடும். சிக்கல் டிரைவர்களில் வரும். வைஃபை டிரைவர் இல்லாமல், இணையம் கேட்கும் திரையிலேயே கணினி நின்றுவிடலாம். அப்போது ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்தால் தப்பிக்கலாம். சில இன்டெல் கணினிகளில் நிறுவும்போது சேமிப்பகமே பட்டியலில் தென்படாது. அது பழுதல்ல, சேமிப்பகக் கட்டுப்பாட்டுக்கான டிரைவரைக் கொடுக்காததுதான் காரணம். துடைக்கும் முன் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எல்லா டிரைவர்களையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கீழே D என்பது அந்தப் பென்டிரைவ்:

```
mkdir D:\drivers
pnputil /export-driver * D:\drivers
```

ஆபீஸ் மென்பொருள் கணினியோடு சேர்ந்து வந்திருந்தால், அதை ஒருமுறை திறந்து நம் கணக்கில் பதிந்துகொண்ட பிறகே துடைக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்பதுதான் என் கேள்வி. கையால் நீக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, அதிலும் பாதி விண்டோஸ் புதுப்பிப்புக்குப் போயிற்று. புதுப்பிப்பை முதலில் முடித்தோம், ஏனென்றால் தயாரிப்பாளரின் செயலிகள் சில அதன் வழியாகவும் வந்து சேரும். பிறகு Settings, Apps, Installed apps. விளையாட்டுகளும் கடை விளம்பரங்களும் நொடியில் போயின. ஒலி, வரைகலை, விசைப்பலகைக் குறுக்குவிசைகள் தொடர்பானவற்றைத் தொடவில்லை. மின்கலத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி தயாரிப்பாளரின் செயலியில்தான் இருந்தது, அதையும் விட்டுவைத்தோம். நாள் முழுக்க மின்னிணைப்பிலேயே கிடக்கும் கணினிக்கு அது உதவும்.

மல்லுக்கு நின்றது வைரஸ் தடுப்புதான். நீக்கி, கணினியை மறுபடி தொடங்கிய பிறகும், Windows Security திரையில் அதன் பெயரே பாதுகாவலராக உட்கார்ந்திருந்தது. வேர் போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இத்தகைய மென்பொருள்களைத் தயாரிப்பவர்கள் தனியாக ஒரு நீக்கல் கருவியையும் தங்கள் தளத்தில் வைத்திருப்பார்கள். அதை இறக்கி ஓட்டியதும் பெயர் மறைந்தது, விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாகவே விழித்துக்கொண்டது.

ஆக, என் ஓட்டு கையால் களைவதற்கே. களைந்த பிறகும் கணினி மந்தமாக இருந்தாலோ, நீக்கியது மறுபடி முளைத்தாலோ பென்டிரைவை எடுக்கலாம். அப்போதும் முழு வெற்றி உறுதியில்லை. சில தாய்ப்பலகைகள் தங்கள் செயலியைப் புது விண்டோஸுக்குள்ளும் தாமே நுழைத்துவிடும், அதைப் பெரும்பாலும் பயாஸ் அமைப்பில் போய்த்தான் அணைக்க வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் சேமிப்பகம் சத்தமில்லாமல் மறையாக்கப்பட்டிருந்தது. aka.ms/myrecoverykey பக்கத்திலிருந்த 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதச் சொன்னேன். "படம் எடுத்துக்கொள்கிறேனே" என்று கைப்பேசியை நீட்டியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனா தேடப் போனாள்.