ஒரு போர்ட், மூன்று பெட்டி: ஸ்விட்சா, ஸ்ப்ளிட்டரா?

டி.வி.யில் ஹெச்டிஎம்ஐ போர்ட் போதவில்லை என்று கடையில் சொன்னால், பல நேரம் கையில் கிடைப்பது ஸ்ப்ளிட்டர். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அக்கா வீட்டுக்கு வந்ததும் அதுதான். செட்டாப் பாக்ஸ் ஒயரையும் பிளே ஸ்டேஷன் ஒயரையும் அதில் மாட்டிவிட்டு, "ரெண்டுலயும் போட்டுப் பார்த்தேன் தம்பி, படமே வரல, பெட்டி கெட்டுப்போச்சா?" என்று போன் செய்தார். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. வாங்கிய சாமான்தான் எதிர்த் திசைக்கானது.

ஸ்ப்ளிட்டருக்குள் நுழைவது ஒரு பெட்டியின் படம். அதே படம் இரண்டு மூன்று டி.வி.களுக்குப் பிரிந்து போகும். குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், மேடையில் ஓடும் வீடியோவைச் சாப்பாட்டுக் கூடத்து டி.வி.யிலும் காட்ட வேண்டும் என்றால் அதற்கு இதுதான் சாமான். ஸ்விட்ச் இதற்கு நேரெதிர். மூன்று பெட்டிகள் உள்ளே வந்தாலும், நாம் தேர்ந்தெடுத்த ஒன்று மட்டும் ஒரே டி.வி.க்குப் போகும். வாங்கும்போது அட்டையைப் பார்க்காமல் சாமானையே திருப்பிப் பாருங்கள். இன்புட் என்று எழுதிய துளை ஒன்றுதான் இருந்தால் அது ஸ்ப்ளிட்டர். இன்புட் இரண்டோ அதற்கு மேலோ இருந்து அவுட்புட் ஒன்று இருந்தால் ஸ்விட்ச். இரண்டு திசையிலும் வேலை செய்யும் என்று விற்கும் குட்டிப் பெட்டி ஒன்றும் உண்டு. அதை ஸ்ப்ளிட்டர் மாதிரி மாட்டினாலும், ஒரு நேரத்தில் ஒரு டி.வி.க்குத்தான் படம் போகும்.

ஆக, போர்ட் பற்றாக்குறைக்கு ஸ்ப்ளிட்டர் உதவாது. உண்மையான போட்டி இரண்டு வகை ஸ்விட்ச்களுக்கும், ஸ்விட்சே வாங்காமல் சமாளிக்கும் ஒரு வழிக்கும் இடையில்தான். அக்கா வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 43 இன்ச் 4கே டி.வி., பின்னால் இரண்டே போர்ட். ஒன்று, டி.வி.யின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஏ.ஆர்.சி. போர்ட், அதில் சவுண்ட்பார் இருக்கிறது. மிச்சம் ஒன்று. அதற்குக் காத்திருப்பவை செட்டாப் பாக்ஸ், படம் பார்க்கும் ஸ்டிக், பையனின் பிளே ஸ்டேஷன் 5.

முதலில் ஸ்விட்ச் இல்லாத வழி. சவுண்ட்பாரை ஹெச்டிஎம்ஐயிலிருந்து கழற்றி ஆப்டிகல் ஒயரில் மாட்டினால் ஒரு போர்ட் விடுபடும், ஏனென்றால் ஏ.ஆர்.சி. போர்ட் சாதாரண இன்புட்டாகவும் வேலை செய்யும். சாதாரண டால்பி 5.1 சத்தம் ஆப்டிகலிலும் வரும். ஸ்டிரீமிங்கில் வரும் அட்மாஸ் வராது. பலருக்கு இதுவே போதும். ஆனால் ஆப்டிகலுக்கு மாறினால் டி.வி. ரிமோட்டில் சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் நின்றுவிடும். விளம்பரம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் குறைக்கிற வீட்டில் இது தினசரித் தொல்லை. அதனால் சவுண்ட்பார் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

ஒன்று முக்கியம்: சவுண்ட்பாரை ஸ்விட்சுக்குள் கொண்டுபோகாதீர்கள். டி.வி.யிலிருந்து சவுண்ட்பாருக்குத் திரும்பி வரும் சத்தம் பல ஸ்விட்ச்களைத் தாண்டாது. அது நேராக டி.வி.யில்தான் இருக்க வேண்டும்.

இனி இரண்டு வகை ஸ்விட்ச். ஒன்று, மேலே ஒரு பட்டன் மட்டும் இருக்கும் கரண்ட் தேவைப்படாத வகை, சில நூறு ரூபாய். உள்ளே ஒயரை மாற்றி இணைப்பதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யாது. அதுவே அதன் பலமும் பலவீனமும். படத்தைக் காப்பி எடுக்க விடாத ஹெச்டிசிபி என்ற காப்புப் பூட்டில் தலையிடாது, அதனால் அந்த வகைத் தகராறு குறைவு. ஆனால் சிக்னலை வலுப்படுத்தவும் செய்யாது. இரண்டு பக்க ஒயரும் சேர்ந்து நீளம் கூடும்போது 4கே படம் தடுமாறும். அப்புறம், சுவரில் மாட்டிய டி.வி.க்கு ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். முட்டி வலி உள்ள அம்மா இருக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

மற்றது, தனி அடாப்டரும் ரிமோட்டும் உள்ள வகை. ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். இதில், ஒரு நொடியில் எவ்வளவு தகவல் தாங்கும் என்று சொல்லும் 18 ஜிபிபிஎஸ், காப்புப் பூட்டின் பதிப்பான ஹெச்டிசிபி 2.2 என்ற இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் '4கே' என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். நொடிக்கு 30 ஃபிரேம் மட்டும் தாங்கும் பழைய 10.2 ஜிபிபிஎஸ் பெட்டியும் அப்படித்தான் விற்கப்படுகிறது. நம் டி.வி. 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் என்பதால் 18 போதும். 120 ஹெர்ட்ஸ் டி.வி.யாக இருந்தால் பிளே ஸ்டேஷனை நேராக டி.வி.யிலேயே மாட்டிவிட்டு மற்ற இரண்டை மட்டும் ஸ்விட்சில் விடுங்கள்.

ஆன் ஆன பெட்டிக்குத் தானாக மாறும் வசதியைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். எங்கள் அனுபவத்தில் அதை அணைத்துவைப்பதே நல்லது. ஸ்விட்ச் பார்ப்பது ஒயரில் சிக்னல் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான். ரிமோட்டில் நிறுத்திய செட்டாப் பாக்ஸும் பல நேரம் உயிரோடுதான் இருக்கும். ஸ்டிக் ஏறக்குறைய அணைவதே இல்லை. சீரியல் நடுவில் ஸ்டிக் ஒரு முறை விழித்தால் படம் அதற்குத் தாவிவிடும். ஆகவே, ஆட்டோவை நிறுத்தும் வசதி உள்ள பெட்டியாக வாங்குங்கள். ரிமோட்டின் கதிர் படும் கண் டி.வி.க்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால், நீட்டிக்கும் கண் ஒயர் வருகிறதா என்றும் கேளுங்கள்.

ஸ்விட்சுக்கு டி.வி.யின் யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்கலாம்தான். ஆனால் டி.வி. அணையும்போது அதுவும் அணைந்து, திரும்ப வரும்போது சில பெட்டிகள் முதல் இன்புட்டுக்கே போய் நிற்கும். தனி அடாப்டர்தான் நிம்மதி. கரண்ட் போய் வந்து எல்லாம் ஒன்றாக ஆன் ஆனபின் திரை கறுப்பாக இருந்தால், ரிமோட்டில் வேறு இன்புட்டுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். பெரும்பாலும் படம் வந்துவிடும்.

மாட்டிய அன்றே சோதித்துவிட வேண்டும். பிளே ஸ்டேஷனை 4கேயில் ஓட விட்டு இருட்டான காட்சியைப் பாருங்கள். மினுமினுப்பாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலோ நடுநடுவே ஒரு நொடி திரை கறுத்தாலோ ஒயர் தாங்கவில்லை, ஸ்விட்சிலிருந்து டி.வி.க்குப் போகும் ஒயரைக் குட்டையானதாக மாற்றிப் பாருங்கள். ஸ்டிக்கின் மெனு நன்றாக வந்து, படம் போட்டதும் மட்டும் கறுப்பாகவோ தரம் குறைந்தோ வந்தால் அது ஹெச்டிசிபி தகராறு. அதற்கு ஒயர் மாற்றிப் பயனில்லை, ஸ்விட்சைத்தான் மாற்ற வேண்டும். சந்தேகம் தீர, ஸ்டிக்கை ஸ்விட்ச் இல்லாமல் நேராக டி.வி.யில் மாட்டி அதே படத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக வந்தால், பில்லோடு ஸ்விட்சைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம்.