பழைய சோறு, மோர், ஊறுகாய்: குடலுக்கு எது நெசமா வேலை செய்யுது?

காங்கேயம் பக்கத்தில் எங்க அமுச்சி வீட்டுச் சாளையில் சித்திரை மாசம் வெடியால சாப்பாடு ஒரே மாதிரிதான் இருக்கும். போசியில் நேற்றைய சோறு, சொம்பில் மோர், வட்டில் ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய், கடிக்க நாலு சின்ன வெங்காயம். மூன்றுமே புளிப்பு என்பதால் மூன்றையும் சேர்த்து 'நல்ல பாக்டீரியா' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதில்தான் சங்கடம். புளிப்பு மூன்றுக்கும் மூன்று வழியில் வருகிறது. குடலில் என்ன ஆகிறது என்பதற்கான சான்றும் அதேபோல மூன்று தரத்தில் இருக்கிறது.

சான்றில் முதலிடம் மோருக்கு. அதுவும் ஒரே ஒரு வேலைக்கு: பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க உதவுவது. தயிர் உறையும்போதே பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் கால்வாசியைத் தின்றுவிடுகிறது. மிச்சத்தை உடைக்கும் நொதி அதன் உடம்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இரைப்பை அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனதும் பித்தநீரில் பாக்டீரியாவின் மேலுறை கிழிந்து, நொதி வெளியே வந்து வேலையைத் தொடங்குகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் உயிருள்ள தயிர்ப் பாக்டீரியாவுக்கு இந்த ஒரு பலனை ஏற்றுக்கொண்டது. தயிரில் கிராமுக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியாவாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் நம்ம ஊர் மோர் நீர்த்தது. 50 மில்லி தயிரைச் சிலுப்பி வெண்ணெய் எடுத்து, தண்ணீர் ஊற்றி ஒரு டம்ளர் ஆக்கினால், அதில் இருக்கும் லாக்டோஸ் மொத்தமே 2 கிராமுக்குள்தான். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். ஆகவே மோர் வயிற்றைப் புரட்டாததற்குப் பாதிக் காரணம் பாக்டீரியா இல்லை, தண்ணீர்தான்! மோர்க்குழம்பு வைத்தால் கொதியில் பாக்டீரியா செத்துவிடும். ருசிக்குக் குறைவில்லை, நொதிக் கணக்கு மட்டும் அங்கே செல்லாது.

பழைய சோற்றுக்கு வருவோம். '100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து, 12 மணி நேரம் ஊறினால் 73.91' என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வரும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. சோறானால் தண்ணீர் சேர்ந்து இன்னும் குறையும். பாக்டீரியா வைட்டமின் சிலதைச் செய்யும், இரும்பைச் செய்யாது. இரும்பு ஒரு தனிமம். கூடுதலாக 70 மில்லிகிராம் வர வேண்டுமென்றால் அது சட்டியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். புளிப்பு ஏறினால் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் பைட்டேட் கொஞ்சம் உடையும், உடம்பு உறிஞ்சுவது எளிதாகும் என்பது உண்மை. தீட்டிய அரிசியில் பைட்டேட்டும் கம்மி என்பதால் அந்த லாபம் சின்னதுதான்.

மாவுச்சத்துக் கதை இதைவிட உறுதியானது. வெந்த சோறு ஆறும்போது மாவின் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடலின் உள்சுவருக்கு அதுதான் எரிபொருள். இந்தச் செரிக்காத மாவை இந்தோனேசியாவில் 2015-ல் அளந்து பார்த்தார்கள்: சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம், 10 மணி நேரம் அறை வெப்பத்தில் ஆறியதில் 1.30. இரண்டு மடங்கு என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். ஒரு போசி, அதாவது 300 கிராம் பழைய சோறு என்று வைத்தால் சுமார் 4 கிராம். சுடுசோறாக இருந்தால் 2. இந்த வகை மாவுக்குப் பலன் பார்க்கும் ஆய்வுகளில் நாளுக்கு 15 கிராமும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். பழைய சோறு நல்ல திசையில் நாலு எட்டு வைக்கிறது, அவ்வளவுதான்.

பாக்டீரியா? இருக்கிறது, லாக்டிக் அமில வகைதான் அதிகம். அது குடலில் தங்கி நோயைத் தீர்க்குமா என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வு மிகக் குறைவு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளிடம் பார்க்க அரசு நிதியில் ஆய்வு தொடங்கியதே இந்தக் குறையால்தான்.

மூன்றில் ஆபத்து அதிகமானதும் பழைய சோறுதான். போன வருடம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. இரவு மீந்த சோற்றை ஹாட்பாக்ஸில் அப்படியே விட்டு, வெடியால தண்ணீரும் மோரும் ஊற்றித் தம்பி சாப்பிட்டான். மூன்று மணி நேரத்தில் அடுத்தடுத்து வாந்தி. சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் என் சந்தேகமெல்லாம் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மேல். அதன் விதைகள் அரிசி வெந்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சைச் சுட வைத்தாலும் போகாது, பிறகு மோர் ஊற்றினாலும் போகாது. நல்ல பழைய சோற்றில் காவல் காப்பது நேரத்தோடு ஏறும் அமிலம். சோறு சீக்கிரம் ஆற வேண்டும், தண்ணீரில் முழுக முங்க வேண்டும். "தண்ணி சோத்துக்கு மேல நாலு விரக்கடை நிக்கோணும் சாமி" என்று அமுச்சி சொல்வது இதைத்தான். நூல் நூலாக இழுத்தாலோ, இளஞ்சிவப்பாகப் புள்ளி விழுந்தாலோ, புளிப்பு மணத்துக்குப் பதில் கெட்ட வாடை அடித்தாலோ மாட்டுக்குத் தொட்டியில்கூட ஊற்றாதீர்கள். அந்த பேசில்லஸ் நஞ்சுக்கு வாடை கிடையாது என்பதால், மூக்கை மட்டும் நம்பவும் வேண்டாம்.

ஊறுகாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மானியர் முட்டைக்கோசைப் புளிக்கவைக்க 2 சதவீதம் சுமார் உப்புப் போடுகிறார்கள். அதில் பாக்டீரியா செழித்து வளர்கிறது. நாம் எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் போடுவது பல மடங்கு. அந்த உப்பும் எலுமிச்சையின் சொந்த அமிலமும் சேர்ந்து எல்லா உயிரையும் அடக்கி வைக்கின்றன. புளிப்பு பழத்தினுடையது, பாக்டீரியாவினுடையது இல்லை. தொக்கு என்றால் அடுப்பில் வதங்கியது, கேட்கவே வேண்டாம். இரண்டு தேக்கரண்டி ஊறுகாயிலேயே கணிசமான உப்பு உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கச் சொல்வதே 5 கிராமுக்குள். உப்பு தூக்கலான தீனி கொடுத்த எலிகளின் குடலில் லாக்டோபேசில்லஸ் குறைந்ததை 2017-ல் கண்டார்கள். நான் ஊறுகாயை விடவில்லை. குடல் மருந்து என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

புளித்த உணவு என்றாலே ஸ்டான்ஃபோர்டின் 2021 ஆய்வைக் காட்டுவார்கள். 36 பேர் கலந்துகொண்ட ஆய்வு. அதில் புளித்த உணவு சாப்பிட்ட பாதிப் பேரின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, அழற்சிக் குறிகள் குறைந்தன. அவர்கள் நாளுக்கு ஆறு பங்கு வரை எடுத்தது தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்பூச்சா வகையறா. பழைய சோறு அதில் இல்லை. மோர் வேண்டுமானால் தயிருக்குத் தம்பி என்று ஒட்டிக்கொள்ளலாம்.

மார்கழியில் எங்கள் சாளையில் சோறு புளிக்கவே புளிக்காது. ஒருமுறை வெடியால பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். நிறம் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. காவலாள் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். அடுத்த நாள் பொழுதோட, ஆறிய சோற்றுத் தண்ணீரில் அமுச்சி ஒரு கரண்டி மோரை ஊற்றினார். விடிந்ததும் தாள் நாலரைக்கு வந்திருந்தது. "எதுக்குங் அமுச்சி மோரு?" என்றேன். "குளுருக்குச் சோறு தூங்கிப் போயிருது கண்ணு, எழுப்பி உடோணும்ல" என்றார்.