கரடிக்குள்ளே நாலு கரண்டித் தண்ணீர்: ஸ்கூல் பேக்கையும் பொம்மைகளையும் லாண்டரிக்குக் கொடுக்கும் முன்

காலாண்டு விடுமுறையில் பெரியவளின் ஸ்கூல் பேக்கையும் சின்னவளின் இரண்டு பொம்மைகளையும், வீட்டுக்கே வந்து வாங்கிப் போகும் ஒரு லாண்டரிக்குக் கொடுத்தேன். நாங்கள் இருப்பது சென்னையில். வந்த பையன், “டிரை கிளீன் பண்ணி, சானிடைஸ் பண்ணிக் கொடுப்போம் மேடம்” என்றான். பேக்குக்கு 350 ரூபாய், பொம்மைக்கு 250 வீதம் 500. மொத்தம் 850. அந்த விலைக்கு இன்னொரு பேக்கே வந்துவிடும் என்று மாமியார் சொன்னார். நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் எல்லாம் பாலிதீன் கவரில் ஒட்டி வந்தது. பிரித்தவுடன் மல்லிகை சென்ட் மூக்கில் ஏறியது. சென்ட் இவ்வளவு தூக்கலாக இருக்கிறதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரண்டு நாளில் சென்ட் போய், மழையில் நனைந்த மிதியடி மாதிரி ஒரு வாடை வந்தது. அன்று இரவு சின்னவள் கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தவள் எழுந்து வந்து, “அம்மா, கரடி வயிறு ஜில்லுன்னு இருக்கு” என்றாள்.

எங்கள் வீட்டில் அதே கரடி இன்னொன்றும் உண்டு. சண்டை வரக்கூடாது என்று அம்மா இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கித் தந்தது. பெரியவளுடையது அலமாரியிலேயே இருந்தது. சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அலமாரிக் கரடி 310 கிராம். துவைத்து வந்த கரடி 372. வித்தியாசம் 62 கிராம், அதாவது நாலு மேசைக்கரண்டித் தண்ணீர். மேல் ரோமம் காய்ந்து புசுபுசுவென்றுதான் இருந்தது. ஈரம் முழுக்க நடுவயிற்றுப் பஞ்சில். பாலியெஸ்டர் பஞ்சு தானாகத் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் இழைகளுக்கு நடுவே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று புகாத கவரில் இரண்டு மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தால் அதில் பூஞ்சையும் கிருமியும் வளராமல் என்ன செய்யும்? முதுகுத் தையலைப் பிரித்தேன். பஞ்சு கட்டி கட்டியாக, அங்கங்கே கறுப்புப் புள்ளிகளோடு வந்தது.

பேக்கின் கதை வேறு. ரகசிய ஜிப் ஒன்றில் நான் கவனிக்காமல் விட்ட பரீட்சை டைம்டேபிள் கூழாகி உருண்டையாகக் கிடந்தது. டிரை கிளீன் என்றால் தண்ணீர் இல்லாத கரைப்பானில் அலசுவது. அதில் காகிதம் கூழாகாது. ஆக, வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துவிட்டு டிரை கிளீன் காசு வாங்கியிருக்கிறார்கள். தமாஷ் என்னவென்றால், உண்மையிலேயே டிரை கிளீன் செய்திருந்தாலும் தப்புதான். பேக்கின் உள்பக்கம் மழைநீர் இறங்காமலிருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கரைப்பான் அதைக் கெடுக்கும். உள்ளே தைத்த துணிச் சீட்டில் வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் டிரை கிளீன் கூடாது என்று அர்த்தம். எங்கள் பேக்கில் அந்தக் குறி இருந்தது. அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சூடான டிரையரில் வேறு சுற்றியிருக்கிறார்கள் போல. பூச்சு பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உதிர்ந்து நோட்டுகளில் ஒட்டியது. உதிர ஆரம்பித்த பூச்சை ஒட்டவைக்க வழியே கிடையாது.

கடைக்குப் போய்க் கேட்டபோது, “ரசீதுக்குப் பின்னாடி பாருங்க மேடம், சாஃப்ட் டாய்ஸுக்குப் பொறுப்பில்லைன்னு போட்டிருக்கு” என்றார் அங்கிருந்தவர். சானிடைஸ் என்றீர்களே என்றதற்கு, ஒரு ஸ்ப்ரே பாட்டிலைக் காட்டினார். மேல் ரோமத்தில் அடிக்கிற ஸ்ப்ரே உள்ளே இருக்கிற பஞ்சை எப்படித் தொடும்?

சரி, இனி வீட்டிலேயே என்று முடிவு செய்து, அலமாரிக் கரடியை ஒரு சனிக்கிழமை காலை துவைத்தேன். முதலில் எடை. பிறகு வயிற்றை அமுக்கி, உள்ளே பாட்டுப் பெட்டியோ பேட்டரியோ இல்லை என்று உறுதி செய்தேன். இருந்தால் தண்ணீரில் முக்கக் கூடாது, ஈரத்துணியால் மேலே துடைப்பதோடு சரி. பழைய தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டி, குளிர்ந்த நீரில் மென்மையான சுற்றில் ஓடவிட்டேன். திரவ சோப்பு ஒரு மேசைக்கரண்டி போதும். அதிகம் போட்டால் பஞ்சுக்குள்ளேயே தங்கி அதுவும் வாடையைக் கிளப்பும். கடைசியில் ஸ்பின் மட்டும் இன்னொரு முறை கொடுத்தேன். காய வைக்கிற வேலையில் பாதியை இந்த இரண்டாவது ஸ்பின் முடித்துவிடுகிறது.

காதில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுவதுதான் நம் வழக்கம். அப்படிச் செய்தால் தண்ணீர் முழுக்கக் காலுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். நான் துணி ஸ்டாண்டின் கம்பிகள் மேல் படுக்கவைத்து ஃபேனைப் போட்டேன். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் புரட்டி, கட்டிப் பஞ்சை விரலால் பிரித்துவிட்டேன். ஸ்பின் முடிந்து எடுத்தபோது 405 கிராம். அன்று இரவு 352. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, சின்னவள் கேட்டு அழுதாள். தராசு மட்டும் இல்லையென்றால் கொடுத்திருப்பேன். ஞாயிறு இரவு 321. திங்கள் மதியம் ஒரு மணி நேரம் வெயில் காட்டிய பிறகு 311. அப்புறம்தான் கையில் கொடுத்தேன்.

பூஞ்சை பிடித்த கரடிக்கு இந்த வைத்தியம் போதாது. பஞ்சு முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டு, மேல்தோலை மட்டும் துவைத்தேன். மறுநாளே காய்ந்துவிட்டது. தலையணைக்கு அடைக்கிற ஃபைபர் பஞ்சைப் புதிதாக வாங்கி நிரப்பித் தைத்தேன். வயிறு கொஞ்சம் பெருத்துவிட்டது.

பேக்கில் வாடை பிடிப்பது துணியில் இல்லை. தோள்பட்டையிலும் முதுகுப் பக்கத்திலும் இருக்கிற ஃபோமில்தான். புது பேக்கை நான் இப்போது துவைப்பது இப்படி: எல்லா ஜிப்பையும் திறந்து உதறி, அடி அட்டை கழன்று வருமானால் வெளியே எடுத்துவிடுவேன். அட்டை உள்ளேயே தைத்திருந்தால் முக்கவே மாட்டேன், அது ஊறி மக்கும். அரை பக்கெட் சாதாரண நீரில் ஒரு மேசைக்கரண்டி திரவ சோப்பு. இருபது நிமிடம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்கப் போட்டால் சாயம் இறங்கும். டிஃபன் எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு சொட்டு, பட்டைக்குப் பழைய டூத் பிரஷ். பிறகு நுரை போகும்வரை அலசல். முறுக்கிப் பிழியாமல், பட்டைகளைத் துண்டுக்குள் வைத்து அழுத்துவேன். ஜிப்புகள் திறந்தபடி தலைகீழாக, நிழலில், காற்றோட்டமாகத் தொங்கும். மேல்துணி அரை நாளில் காய்ந்து நம்மை ஏமாற்றும். டிஷ்யூ காகிதத்தைப் பட்டை மேல் வைத்து இரு விரலால் பலமாக நசுக்கினால், உள்ளே ஈரமிருக்கும்போது காகிதத்தில் கறை தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழு பேக்கைத் துவைக்கவே மாட்டேன். துடைத்துவிட்டு, வெயில் வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

ரசீது, தராசில் எடுத்த படங்கள், காகிதக் கூழ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்குச் சொன்னேன். மறுநாளே பொம்மைகளுக்கான 500 திரும்பி வந்தது. பேக்கின் 350 வரவில்லை, அது ஏற்கெனவே பழசாம். அந்தப் பழைய பேக் இப்போது மொட்டைமாடியில் துணிக் கிளிப் போட்டு வைக்க ஆகிறது. பட்டையில் அந்த மல்லிகை இன்னும் லேசாக மணக்கிறது.