பங்கை வாங்கலாமா, கால் ஆப்ஷனை வாங்கலாமா? ஒரே பங்கு, நான்கு வழிகள்

ஒரு பங்கு இன்று 1000 ரூபாய்க்குப் போகிறது. ஒரு மாதத்தில் ஏறும் என்று நினைக்கிறீர்கள். 500 பங்கு வாங்க 5 லட்சம் வேண்டும். அதே 500 பங்கு கொண்ட ஒரு லாட் கால் ஆப்ஷன் 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எது லாபம்? (எண்கள் கற்பனை. ஆனால் சந்தையில் பார்க்கக்கூடிய அளவில்தான் வைத்திருக்கிறேன்.)

முதலில் அந்த 15,000 எதற்கு என்று பார்ப்போம். மாதக் கடைசியில், அதாவது எக்ஸ்பைரி அன்று, பங்கை 1000 ரூபாய்க்கே வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வருகிறது. விலை 1000-க்குக் கீழே போனால் அந்த உரிமையை விட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இதற்குப் பங்கு ஒன்றுக்கு 30 ரூபாய் பிரீமியம். நிலத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி என்று இதை விளக்குவார்கள். பாதிதான் சரி. அட்வான்ஸை மொத்த விலையில் கழித்துக்கொள்வோம், பிரீமியத்தைக் கழிக்க முடியாது. பங்கு உங்களுக்கு 1000-க்கு அல்ல, 1030-க்கு வந்ததாகத்தான் கணக்கு.

1000 என்ற அந்த ஒப்பந்த விலைக்கு ஸ்ட்ரைக் என்று பெயர். அதை மாற்றினால் கணக்கே மாறிவிடும். 900 ஸ்ட்ரைக் கால் 107 ரூபாய், 1080 ஸ்ட்ரைக் கால் வெறும் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரி அன்று ஒரு லாட்டுக்குக் கிடைக்கும் லாப நஷ்டம், வரியும் தரகும் நீங்கலாக:

| எக்ஸ்பைரி விலை | பங்கு | 900 கால் | 1000 கால் | 1080 கால் |
|---|---|---|---|---|
| 900 | -50,000 | -53,500 | -15,000 | -3,000 |
| 1000 | 0 | -3,500 | -15,000 | -3,000 |
| 1020 | +10,000 | +6,500 | -5,000 | -3,000 |
| 1060 | +30,000 | +26,500 | +15,000 | -3,000 |
| 1120 | +60,000 | +56,500 | +45,000 | +17,000 |

1020 வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீங்கள் சொன்னபடியே பங்கு ஏறியிருக்கிறது. ஆனாலும் 1000 கால் வாங்கியவருக்கு 5,000 நஷ்டம். ஏறும் என்று சரியாகச் சொன்னால் மட்டும் கால் ஆப்ஷனில் போதாது. எவ்வளவு ஏறும், எந்தத் தேதிக்குள் ஏறும் என்பதும் சரியாக அமைய வேண்டும்.

900 கால் வேறு குணம். 107-இல் 100 ரூபாய் ஏற்கனவே உள்ளே இருக்கும் மதிப்பு (1000-இல் 900 போக மிச்சம்). காலத்துக்காகக் கொடுப்பது 7 ரூபாய்தான். அதனால் ஏறக்குறைய பங்கு போலவே நகர்கிறது. 1000 காலில் 30 ரூபாயும் காலத்துக்கான விலை, நாளாக ஆக அது கரையும், கடைசி வாரத்தில் வேகமாகக் கரையும். பங்கு அசையாமல் நின்றாலே நஷ்டம் என்பது இதனால்தான்.

1080 கால் மலிவாகத் தெரிவதால் புதியவர்கள் அதைத்தான் தேடிப்போவார்கள். பங்கு 8 சதவீதம் ஏறியும் அதில் பைசா திரும்பாது, 1086-ஐத் தாண்டினால்தான் லாபம். என்னைக் கேட்டால், நாலில் விலை கூடியது இதுதான்.

இன்று பேசிய விலைக்குப் பின்னொரு தேதியில் பங்கை வாங்கியே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம், ஃபியூச்சர் என்று ஒன்றும் உண்டே என்பீர்கள். மார்ஜின் என்ற பிணைத்தொகை கட்டினால் போதும், பிரீமியம் இல்லை. ஆனால் விலை விழ விழ நஷ்டமும் கூடிக்கொண்டே போகும், தினமும் பணம் கட்டச் சொல்வார்கள். நஷ்டம் 15,000-ஐத் தாண்டாது என்ற நிம்மதிக்குத்தான் காலில் அந்த 30 ரூபாய்.

அந்த நிம்மதியை நாமே கெடுத்துக்கொள்ளும் வழியும் ஒன்று இருக்கிறது. பங்கு வாங்க வைத்திருந்த 5 லட்சத்துக்கும் கால் வாங்கினால் 33 லாட் வரும். எக்ஸ்பைரியில் பங்கு 1000-இலேயே நின்றால் அவ்வளவும் போச்சு. பங்கு வைத்திருப்பவருக்கோ ஒன்றும் ஆகவில்லை, இடையில் டிவிடெண்ட் வந்தால் அதுவும் அவருக்குத்தான். ஒரு லாட் கால் வாங்கி, மீதி 4,85,000-ஐ வங்கியில் விட்டால்தான் இது நியாயமான ஒப்பீடு.

கடைசியாக, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். இந்தியாவில் கால் ஆப்ஷனைச் சந்தையில் எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடலாம், ஆனால் பங்கை வாங்கும் உரிமையை எக்ஸ்பைரி அன்றுதான் பயன்படுத்த முடியும். தனிப் பங்குகளின் ஆப்ஷன்களில் 2019 அக்டோபரிலிருந்து பணமாகக் கணக்கு முடிப்பதில்லை, பங்கே கைமாறும். 1000 காலை விற்காமல் விட்டு, பங்கு 1060-இல் முடிந்தால், 500 பங்கையும் எடுத்துக்கொள்ள 5 லட்சம் கட்ட வேண்டும். எக்ஸ்பைரிக்குச் சில நாள் முன்பே தரகர் கூடுதல் மார்ஜின் கேட்கத் தொடங்குவார். 15,000 மட்டும் வைத்திருப்பவர் அந்த நாட்களுக்கு முன்பே விற்று வெளியே வந்துவிட வேண்டும். நிஃப்டி ஆப்ஷனில் இந்தத் தொல்லை இல்லை, அது பணமாகவே முடியும்.