ஊருக்கு வந்த இடத்துல ஆஸ்பத்திரி அக்கவுண்ட் லிங்க் காலாவதி ஆன கதை

டொராண்டோல இருந்து கிளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்ல உக்காந்தே, அம்மா காட்டுற ஆஸ்பத்திரி சைட்ல அம்மாவோட பேஷண்ட் நம்பரக் குடுத்து என் மெயில்ல ஒரு அக்கவுண்ட் போட்டேன், ரிப்போர்ட் எல்லாம் இப்ப அதுலதான் வருதாம். அப்புறம் துபாய்ல மாறி, திருவனந்தபுரத்துல இறங்கி, கார் பிடிச்சு திருநெல்வேலி வந்து தூங்கி எழுந்து மூணாவது நாள் மெயிலத் திறந்து, மெயில் ஐடி என்னுதுதான்னு வெரிஃபை பண்ண அவங்க அனுப்பியிருந்த லிங்க்க தட்டினா "This link has expired"ன்னு வருது. மெயிலோட அடியில பொடி எழுத்துல 24 மணி நேரம்தான் செல்லும்னு போட்டிருக்கு.

திரும்ப Sign up போனா "Email already registered". கவுண்டர்ல கேட்டா "வேற மெயில் ஐடி குடுத்து புதுசா போட்டுருங்க சார்"னாங்க. நானும் என் ஜிமெயில் பேர்ல நடுவுல ஒரு புள்ளி வச்சு போடலாம்னுதான் இருந்தேன், ஜிமெயில் புள்ளியக் கணக்குலயே எடுக்காது, எப்படியும் மெயில் எனக்குத்தான் வரும். நல்லவேளை அங்க கம்ப்யூட்டர் பாக்குற தம்பி தடுத்துட்டாரு. "அப்படிப் போட்டா எங்க சிஸ்டத்துக்கு நீங்க வேற ஆளுண்ணே, அம்மா நம்பர் பழைய அக்கவுண்ட்ல ஏறி இருக்கு, புதுசுல சேக்க விடாது"ன்னாரு.

அவர் சொன்ன வழி இதுதான். Sign up பக்கமே போகாம, அதே மெயில், அதே பாஸ்வேர்டு போட்டு லாகின் பண்ணணும். உள்ள விடாது, இன்னும் வெரிஃபை ஆகலன்னு சொல்லும், ஆனா அதுக்குக் கீழதான் "Resend verification email"னு ஒரு பட்டன் வரும், வேற எங்கயும் அது கண்ணுல படல. அமுக்கினேன், ரெண்டு நிமிஷமா மெயில் வரல, அவசரத்துல இன்னும் ரெண்டு தடவ அமுக்கிட்டேன். மெயில் வந்து தட்டினா மறுபடியும் expired! புது லிங்க் கிளம்பினதுமே முன்னாடி அனுப்பினது செத்துடுதாம், ஜிமெயில் வேற ஒரே தலைப்புல வந்த எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி வச்சிருக்கு, நான் தட்டினது மேல இருந்த பழசு. கடைசியா கீழ கிடந்தத தட்டினதும் திறந்துடுச்சு. அதனால ஒரே ஒரு தடவ அமுக்கிட்டு ஸ்பேம் ஃபோல்டரையும் பாத்துக்கிட்டு பொறுமையா இருங்க.

சில சைட்ல அந்த பட்டனே இருக்காது, அங்க Forgot password போட்டுப் பாக்கலாம், அந்த மெயில் லிங்க்க திறந்தாலே மெயில் உங்களுதுன்னு சில சைட் ஒத்துக்கும். பாஸ்வேர்டு மாத்தின பிறகும் வெரிஃபை ஆகலன்னே சொன்னா, அதே மெயில்ல இருந்து அவங்களுக்கு எழுதி புது லிங்க் கேளுங்க. நாள் கழிச்சு போறப்ப அதே மெயில Sign up மறுப்பு சொல்லாம ஏத்துக்கிச்சுன்னா, வெரிஃபை ஆகாத பழசை அவங்களே அழிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா சில சைட் ஏற்கனவே இருக்குன்னு திரையில காட்டாம மெயில்லதான் சொல்லும், அதனால வந்த மெயில முழுசா படிச்சுட்டு மேல போங்க.

அன்னிக்கு சாயங்காலமே அம்மாவோட சுகர் ரிப்போர்ட் அந்தப் பழைய அக்கவுண்ட்லயே வந்துடுச்சு, நான் டொராண்டோ திரும்பின பிறகும் அதுலயே பாத்துக்கலாம்.