ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவிட்டு, புலனத்தை மட்டும் கொண்டுவந்த கதை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வேலைக் காலம் முழுக்க என் வாட்ஸ்அப் புலனம் ஓடியது தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்த எண்ணில். சொந்தப் பெயரில் இருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம், மலேசியாவில் 2008 முதல் அந்த வசதி உண்டு. ஆபீஸ் எண்ணை அப்படி எடுத்துவர முடியாது. சிம்மைக் கொடுக்க வேண்டும், அடுத்து வரும் கிராணி அதைத்தான் பயன்படுத்துவார்.

அவர் தன் கைப்பேசியில் அந்த எண்ணைக் கொண்டு புலனத்தைத் திறந்த உடனே என் கைப்பேசியில் அது மூடிக்கொள்ளும். நான் இருந்த குழுக்களில் அந்த எண் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஆனால் அதன் பின்னால் இருப்பவர் அவர். எங்கள் மண்டோர் ஒருவர் புது சிம் வாங்கி, புது எண்ணில் புதிதாகப் பதிந்துகொண்டார். ஒரு குழுவும் வரவில்லை. ஒவ்வோர் அட்மினிடமும் சொல்லித் திரும்பச் சேர வேண்டியதாயிற்று.

அதனால் சிம்மைக் கொடுப்பதற்கு முன்பே, பழைய கைப்பேசியிலேயே Settings, Account, Change number என்று போனேன். பழைய எண், புது எண் இரண்டையும் கேட்கும். நாட்டுக் குறியீடு 60 ஏற்கெனவே இருப்பதால் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். உறுதிக் குறியீடு புது எண்ணுக்குத்தான் வரும். புது சிம் வேறொரு கைப்பேசியில் இருந்தாலும் பரவாயில்லை, குறுஞ்செய்தி வந்தால் போதும்.

அதன் பிறகு Notify contacts. எல்லாருக்கும், பேசிய எண்களுக்கு மட்டும், நாமே பொறுக்கியவர்களுக்கு என்று மூன்று வழி. நான் Custom எடுத்தேன். லாரிக்காரர், உரம் சப்ளை செய்பவர், குத்தகைக்காரர்கள் எல்லாம் ஆபீஸைத் தேடுகிறவர்கள், என்னை அல்ல. ஆனால் குழுக்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. நாம் இருக்கும் எல்லாக் குழுவிலும் எண் மாறிய செய்தி தானாகப் போய்விடும். எனவே வேலைக் குழுக்களில் இருந்து முதலிலேயே வெளியேறிவிட்டேன். ஓய்வு பெற்றவனைக் காலை ஆறு மணிக்கு லாரி கேட்டு எழுப்பக்கூடாது இல்லையா!

கோயில் குழு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, குடும்பக் குழு எல்லாம் அட்மின் பொறுப்போடு அப்படியே வந்தன. பழைய உரையாடல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மகன் புதுக் கைப்பேசியும் வாங்கிக் கொடுத்திருந்தான். இங்கே வரிசை முக்கியம். முதலில் பழைய கைப்பேசியில் எண்ணை மாற்றி, அதன் பிறகு கூகள் கணக்கில் பேக்கப் எடுத்து, கடைசியில்தான் புதுக் கைப்பேசியில் அதே கூகள் கணக்கோடு புது எண்ணில் திறந்தேன். பேக்கப் எந்த எண்ணில் எடுக்கப்பட்டதோ அந்த எண்ணோடு கட்டப்பட்டது. பழைய எண்ணில் எடுத்ததைப் புது எண்ணில் தேடினால் கிடைக்காது.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. உபயகாரர்களுக்கு நான் வழக்கமாக பிராட்காஸ்ட் பட்டியலில்தான் அறிவிப்பு அனுப்புவேன். பட்டியல் அப்படியே இருந்தது, செய்தியும் போனது, ஆனால் பலருக்குக் கிடைக்கவில்லை. தவறு எங்குமில்லை. பிராட்காஸ்ட் செய்தி நம் எண்ணைத் தங்கள் முகவரிப் பட்டியலில் சேமித்தவர்களுக்கு மட்டுமே சேரும். குழுவில் எண் மாறிய செய்தி வந்தாலும் அவர்கள் கைப்பேசியில் என் பெயருக்கு எதிரே இருப்பது பழைய எண்தான். அதை அவர்களே தட்டிச் சேமித்தால்தான் மாறும். செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், யாருக்குச் சேர்ந்தது என்ற பட்டியலில் சில பெயர்கள் மட்டும் இருக்கும். அதுதான் அடையாளம்.

இதே காரணத்தால் வேறு இரண்டும் நடக்கும். முகப்படத்தைத் தன் தொடர்புகளுக்கு மட்டும் காட்டுபவரின் படம் நமக்கு வெறுமையாகத் தெரியும். குழுவில் சேர்க்கும் அனுமதியை அப்படி வைத்திருப்பவரை நம்மால் நேராகச் சேர்க்க முடியாது, அழைப்பு இணைப்புதான் அனுப்ப முடியும்.

சேராதவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். “ஐயா, கோயில் செயலாளர் பேசுறேன், இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க” என்று ஒரே வரி. லயத்தில் இருக்கும் பாட்டிமார்களுக்கு நேரில் போய் நானே சேமித்துக் கொடுத்தேன். பசியாறாமல் அனுப்பமாட்டார்கள், நேரம்தான் ஆகும்.

வங்கியில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் இதில் சேராது. அதைத் தனியே வங்கியில் மாற்றியாக வேண்டும், சிம் கையில் இருக்கும்போதே.

புது கிராணி தம்பிக்கு இன்னமும் எப்போதாவது அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டை என்று கேட்டு ஆபீஸ் எண்ணில் செய்தி வருகிறதாம். எனக்கு அனுப்பிவைக்கிறார். உபயகாரர்களுக்கு இப்போது பிராட்காஸ்ட்டை விட்டுவிட்டு, அட்மின் மட்டும் எழுதக்கூடிய ஒரு குழு வைத்திருக்கிறேன். அதில் சேமித்தவர், சேமிக்காதவர் என்ற பேதம் இல்லை.